பதினோரு மணி லாரி

நேர்காணல் பத்தரை மணிக்கு. வேல்விழி ஏழரைக்கே கல்லூரிக்கு வந்துவிட்டாள். காலையில் எழுந்ததிலிருந்தே அவளுடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கால் நின்றது, கை ஆடியது.

இந்தக் கால் ஆட்டத்துக்கு முன்கதை உண்டு. இந்த வருஷம் மூன்று கம்பெனிகள் அவளை அழைத்திருந்தன. எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறினாள். மூன்றிலும் விழுந்தது ஒரே இடத்தில்: லைவ் கோடிங். கேள்வி கேட்கிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருப்பார். இங்கே நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அங்கே அவர் திரையில் அப்படியே விழும். தப்பாகத் தட்டி அழித்தால் அழிப்பதும் தெரியும். தட்டாமல் உட்கார்ந்திருந்தால் அதுவும் தெரியும். முதல் கம்பெனியில் அவள் பதினோரு நிமிஷம் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதில், தெரியாத கணக்குக்குத் தெரிந்த விடை ஒன்றை எழுதினாள். மூன்றாவதில் என்ன நடந்தது என்பது அவளுக்கே சரியாக நினைவில்லை. "தேங்க்யூ" என்று மட்டும் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கு வருவது நான்காவது. இந்த பேட்ச்சுக்கு இதுதான் கடைசிக் கம்பெனி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. இதுவும் போனால் திருத்தங்கலில் அவள் சாயங்காலம் போய்வரும் அச்சகத்திலேயே முழுநேரமாக உட்கார்ந்துவிடலாம். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மாற்றிப் போடுவதற்கு நான்கு வருஷப் பொறியியல் படிப்பு தேவையில்லை என்பதுதான் ஒரே குறை.

காலையில் பஸ் ஸ்டாப்பில் அம்மா மாரித்தாய் பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நின்றபடி கேட்டாள். "ஏ தாயி, அவுக கேக்குறதுக்குப் பதில் தெரியாட்டி என்ன செய்வ?"

"தெரியலைன்னு சொல்லுவேன்."

"அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம் போகணும்? அத இங்கனயே சொல்லிட்டு என்கூட வேன்ல ஏறிரலாம்ல."

அம்மா கேலிதான் செய்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு காதில் விழுந்த நேரத்திலிருந்து கால் கொஞ்சம் வேகமாக ஆடியது.

கல்லூரியின் பிளேஸ்மென்ட் டீன் முனைவர் ஊர்க்காவலன் ஒன்பது மணிக்கு வந்தார். முனைவர் பட்டத்தை அவருக்குத் தந்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால், அது கடல் தாண்டி இருக்கிறது என்று கடலின் பெயரைச் சொல்வார். அதற்கு முன்பு பதினெட்டு வருஷம் சிவகாசி காலண்டர்களுக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவர். அந்தத் தொழிலில் அவர் ராஜா. எந்தக் கடைக்காரர் எதைக் கேட்டாலும் அவரிடம் உடனே பதில் இருக்கும். அடுத்த வருஷம் ஆடி அமாவாசை என்றைக்கு என்று கேட்டால் கண்ணிமைக்காமல் ஒரு தேதி சொல்வார். தேதி தப்பாக இருந்தால் அதை அச்சகம் பார்த்துக்கொள்ளும். ஆர்டர் அதற்குள் கைக்கு வந்திருக்கும்.

அந்த அனுபவத்தைப் பிழிந்து மூன்று சூத்திரங்களாக அவர் பிளேஸ்மென்ட் அறையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மௌனம் தோல்வி. கேள்வி பலவீனம். ஹின்ட் பிச்சை. மூன்றாவதுக்கு அவரே தரும் விளக்கம்: "இன்டர்வியூ செய்யறவன் குறிப்புக் கொடுத்தா, 'அதத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்'னு சொல்லணும். நம்ம புள்ளைக யார்கிட்டயும் கையேந்தக் கூடாது."

இந்தச் சூத்திரங்களைப் பின்பற்றிய மாணவர்களின் கதி என்ன என்று எவரும் அவரிடம் கேட்டதில்லை. கேள்வி பலவீனம் அல்லவா.

"கோட்டைப் போடும்மா," என்றார் டீன்.

கல்லூரிக்குப் பொதுவாக ஒரு நீலக் கோட்டு உண்டு. ஆணோ பெண்ணோ, நெட்டையோ குட்டையோ, யாருக்கு நேர்காணல் என்றாலும் அதுதான். வேல்விழிக்குத் தோள் இரண்டு பக்கமும் நாலு விரல் தொங்கியது. டீன் பின்னால் போய் நாலு கிளிப்புகளைப் போட்டு இழுத்துப் பிடித்தார்.

"காமெராவுக்கு முன்பக்கம்தான் தெரியும். பின்பக்கத்தப் பத்திக் கவலைப்படாத. நானும் உள்ளயே இருக்கேன்."

"நீங்க இருக்கக் கூடாதுன்னு மெயில்ல போட்டிருக்கே சார். தனி ரூம்னு..."

"அது பிள்ளைகளுக்குப் போட்டது. டீனுக்குப் போட்டதில்ல."

அறையின் பெயர் இன்டர்வியூ சூட். போன வருஷம் வரை பழைய விடைத்தாள்கள் கிடந்த அறை. ஏசி மாட்டியிருந்தார்கள். அதற்குக் கரன்ட் கனெக்‌ஷன் வரும் நிதியாண்டில் வரும். மேலே மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை 'க்ளக்' என்றது. வேல்விழி அதை எண்ணத் தொடங்கினாள். எண்ணக் கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள்.

பத்து இருபத்தொன்பதுக்குத் திரையில் ஒரு பெண் முகம் வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் சாதாரணச் சுவர், ஒரு ஈரத்துண்டு காயும் கொடி. பெயர் பிரீத்திகா, சரக்கு லாரிகளைப் பின்தொடரும் மென்பொருள் செய்கிற கம்பெனியில் மூத்த இன்ஜினியர், சென்னையில் வீட்டிலிருந்து பேசுகிறாள்.

"தமிழ்லயே பேசலாம் வேல்விழி, கோடு மட்டும் பைத்தான்ல எழுதினா போதும். முதல்ல லேப்டாப்பைத் தூக்கி ரூமை ஒரு சுத்து காட்டிடுங்க. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

வேல்விழி லேப்டாப்பைத் தூக்குவதற்குள் டீன் மேஜைக்கு அடியில் போய்விட்டார். ஐம்பத்து மூன்று வயதில், தொப்பையோடும் டையோடும், அவ்வளவு விரைவாக ஒருவர் குனிய முடியும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். சுவர், கதவு, உயிரில்லாத ஏசி எல்லாம் திரையில் வந்துபோயின. மேஜைக்கு அடி வரவில்லை.

"தேங்க்ஸ்," என்றாள் பிரீத்திகா.

வேல்விழி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு பொய்தானே என்று தோன்றியது. கால் மறுபடி ஆடத் தொடங்கியது. கீழே அது யார் மேலோ இடித்தது.

கணக்கு திரையில் வந்தது. ஒரு கிடங்கு. லாரிகள் வருகிற நேரமும் கிளம்புகிற நேரமும் ஜோடி ஜோடியாகக் கொடுக்கப்படும். எந்த லாரியும் காத்து நிற்கக் கூடாது. குறைந்தது எத்தனை லோடு மேடைகள் வேண்டும்? உதாரணம் ஒன்றே ஒன்று. ஒன்பதிலிருந்து பதினொன்று, பத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்றிலிருந்து பதினான்கு. விடை இரண்டு.

டீன் இதற்குள் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, காமெராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முதல் அட்டையைத் தூக்கினார்: ஸ்மைல்.

வேல்விழி சிரித்தாள். கணக்கைப் பார்த்தாள். பார்த்த இரண்டாவது வினாடியிலேயே மனம் தாவியது: நூற்று நாற்பத்தேழு. டீன் மனப்பாடம் செய்ய வைத்த முந்நூறு கணக்குகளில் நூற்று நாற்பத்தேழாவது, ஒன்றன்மேல் ஒன்று படியும் நேரங்களை ஒட்டிச் சேர்ப்பது. வரிக்கு வரி நினைவிருந்தது. விரல்கள் ஓடின. இதுவரை எந்த நேர்காணலிலும் அவள் விரல்கள் அப்படி ஓடியதில்லை. படிகிற நேரங்களை ஒட்டிச் சேர்த்து, மிஞ்சிய துண்டுகளை எண்ணினாள். ஓட்டிப் பார்த்தாள். விடை: இரண்டு.

டீன் கட்டைவிரலை உயர்த்தினார்.

"சரி," என்றாள் பிரீத்திகா. குரலில் புகழ்ச்சியும் இல்லை, குறையும் இல்லை. "இன்னொண்ணு குடுத்துப் பாருங்க. மூணு லாரி. மூணுமே ஒன்பதுக்கு வந்து பன்னெண்டுக்குக் கிளம்புது."

வேல்விழி கொடுத்தாள். விடை: ஒன்று.

மூன்று லாரிகளை ஒரே மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அது சரி.

மின்விசிறி 'க்ளக்' என்றது. நூற்று நாற்பத்தேழில் அதற்கு மேல் வரிகள் இல்லை. இதுதான் அந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று முறை வந்துபோன இடம், பாதையெல்லாம் பழக்கம். இனி காது அடைக்கும், பிறகு எழுத்துகள் எறும்பாகும், பிறகு தேங்க்யூ.

டீன் அவசரமாக அட்டையை மாற்றினார்: பேசிக்கொண்டே இரு.

என்ன பேசுவது? போன தடவை பேசிக்கொண்டே இருந்துதான் கெட்டது. வேல்விழி இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். கை அங்கே இருந்தால் எதையாவது தட்டும். காலும் அந்தப் பாரத்தில் கொஞ்சம் அடங்கியது.

"மேடம், நான் எழுதினது தப்பு," என்றாள். "படியறதை எல்லாம் ஒண்ணாச் சேத்துட்டேன். கேட்டது ஒரே நேரத்துல எத்தன வண்டி உள்ள நிக்குதுன்னு. இதை அழிச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிச்சுக்கலாமா?"

"தாராளமா."

அவ்வளவுதான் பதில். வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பெண் தன் பக்கத்தில் டம்ளரை எடுத்துக் காப்பி குடித்தாள். தப்பு என்று சொன்னதற்கு இவ்வளவுதான் தண்டனை என்றால் இதை மூன்று கம்பெனிக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று வேல்விழிக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தபோது பயம் சற்று ஒதுங்கி வழி விட்டது.

"சில சந்தேகம் கேக்கலாமா மேடம்? இந்த லிஸ்ட் நேரப்படி வரிசையா இருக்குமா?"

"இருக்காது. எப்படி வேணா கலைஞ்சிருக்கும்."

டீன் தலையில் கை வைத்தார்.

"எல்லாம் ஒரே நாளா? ராத்திரி வந்து மறுநாள் கிளம்புற வண்டி உண்டா?"

"ஒரே நாள்னு வச்சுக்கோங்க. நல்ல கேள்வி."

டீன் ஓர் அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கித் தூக்கினார்: கேள்வி கேட்காதே. அழுத்தி எழுதியதில் அட்டையில் ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியே அவருடைய ஒரு கண் தெரிந்தது.

"எத்தன லாரி வரைக்கும் வரும்?"

"ரெண்டு லட்சம் வரைக்கும்."

வேல்விழி இப்போது வாய்விட்டு யோசித்தாள். ஒரு புது வண்டி உள்ளே நுழையும்போதுதான் கூட்டம் கூடும். கிளம்பும்போது குறையத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு வண்டியும் வருகிற நேரத்தில் நின்று, அந்த நேரத்தில் எத்தனை வண்டி உள்ளே இருக்கிறது என்று எண்ணினால் போதும். அதில் பெரிய எண்தான் விடை. "ஆனா ஒவ்வொரு வண்டிக்கும் எல்லா வண்டியையும் பாக்கணும். ரெண்டு லட்சத்துக்கு இது ரொம்ப மெதுவா ஓடும். முதல்ல இதை எழுதி, சரியா வருதான்னு பாத்துட்டு, அப்புறம் வேகமாக்கலாமா?"

"அப்படியே செய்ங்க."

எழுதினாள். பழைய உதாரணத்துக்கு இரண்டு வந்தது. மூன்று லாரிக்கு மூன்று வந்தது. மூச்சு கொஞ்சம் இறங்கியது.

"இப்ப இது. ஒன்பது டு பதினொண்ணு, பத்து டு பன்னெண்டு, பதினொண்ணு டு பதிமூணு."

விடை: மூன்று.

"எனக்கு ரெண்டு வரணும்," என்றாள் பிரீத்திகா.

வேல்விழி தான் எழுதிய கோடை வரி வரியாகப் படித்தாள். தப்பு இல்லை. மறுபடி படித்தாள். பதினோரு மணிக்கு உள்ளே யார் யார்? ஒன்பது மணி லாரி இருக்கிறது, பதினொன்றுக்குத்தான் கிளம்புகிறது. பத்து மணி லாரி இருக்கிறது. பதினோரு மணி லாரி வந்து நிற்கிறது. மூன்று. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் மூன்று. இந்த அம்மாதான் தப்பாகச் சொல்கிறாளோ? கால் ஆடியது, மேஜை ஆடியது, திரையில் அவள் முகமே ஆடியது.

டீன் கையை முறுக்கி முறுக்கிக் காட்டினார். எதையாவது மாற்று, ஓட்டு. மறுபடி மாற்று, ஓட்டு. சரியாக வந்ததும் நிறுத்து என்பது அவருடைய பாடம். வேல்விழியின் விரலும் ஒரு சமக் குறியை அழிக்கப் போனது. அழித்தால் வரக்கூடும். ஆனால் ஏன் வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

விரலை எடுத்தாள். லாரியை நினைத்துப் பார்த்தாள். அப்பா பால்பாண்டி அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் லோடு ஏற்றுகிறவர். போன கோடை லீவில் அவளே அங்கே கேட்டில் உட்கார்ந்து வண்டிகள் வருகிற போகிற நேரத்தைக் குறித்திருக்கிறாள். ஒரு வண்டி கிளம்பினால் அடுத்தது உடனே மேடைக்கு வராது. வர விடமாட்டார்கள். சிந்தியதைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மேஸ்திரி வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். அதுவரை மேடை காலியாக இருந்தும் காலி இல்லை. சூரியன் கிழக்கே உதிப்பது போல அவளுக்கு அது தெரிந்த விஷயம். தெரிந்ததாலேயே கேட்கத் தோன்றவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இதை முதல்லயே கேட்டிருக்கணும். ஒரு லாரி பதினோரு மணிக்குக் கிளம்புது. அதே பதினோரு மணிக்கு இன்னொண்ணு வருது. ரெண்டுக்கும் ஒரே மேடையக் குடுக்கலாமா?"

அந்தக் கேள்வியைப் பொறுக்க முடியாமல் டீன் எழுந்தார். எழுந்தவரின் கால் வயரில் மாட்ட, நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. விடைத்தாள்களைக் காலி செய்த அறை என்பதால் நல்ல எதிரொலி.

பிரீத்திகா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அங்க யாராவது இருக்காங்களா?"

டீன் உதட்டில் விரல் வைத்தார். பூனை என்று வாயசைத்தார். ஒரு பூனை நாற்காலியைச் சாய்க்குமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வேல்விழி டீனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். இங்கேயே முடிந்துபோகலாம். கடைசிக் கம்பெனி. ஆனால் பூனை என்று சொல்லிவிட்டு, அந்தப் பூனையையும் மனதில் வைத்துக்கொண்டு, பதினோரு மணி லாரியைத் தன்னால் யோசிக்க முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எங்க டீன் சார் மேடம். ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், சொல்லலை. மன்னிச்சுக்கோங்க." கொஞ்சம் நிறுத்தி, உண்மையை முழுசாகச் சொல்லிவிடலாம் என்று சேர்த்தாள்: "விடை எதுவும் சொல்லித் தரலை மேடம். அவுகளுக்குத் தெரியாது."



டீன் டையைச் சரிசெய்துகொண்டு காமெராவுக்கு முன்னால் வந்து நின்றார். "குட் மார்னிங் மேடம். டாக்டர் ஊர்க்காவலன். டீன், கார்ப்பரேட் ரிலேஷன்ஸ். கல்லூரியோட தர மேம்பாட்டுக்காக ஒரு அப்சர்வேஷன்..."

"சார், வெளியே போறீங்களா? கதவைச் சாத்திட்டுப் போங்க."

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் அவரை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதில்லை. அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். ஸ்மைல் அட்டை மட்டும் தரையில் கிடந்தது.

"இதை நான் ரிப்போர்ட்ல எழுதணும்," என்றாள் பிரீத்திகா. "நீங்களே சொன்னீங்கன்னும் எழுதுவேன். ரூமை இன்னொரு தடவை காட்டுங்க, மேஜைக்கு அடியையும் சேர்த்து."

காட்டினாள். மேஜைக்கு அடியில் ஒரு கைக்குட்டை கிடந்தது.

"சரி, உங்க கேள்வி. ஒரே மேடையக் குடுக்கலாம். ஒண்ணு கிளம்பின நிமிஷமே அடுத்தது வரலாம். நீங்க ஏன் கூடாதுன்னு நினைச்சீங்க?"

"எங்க ஊர்ல கூட்டித் தண்ணி தெளிக்காம அடுத்த வண்டிய விடமாட்டாக மேடம். மருந்து சிந்தியிருக்கும்."

"மருந்தா?"

"பட்டாசு மருந்து."

பிரீத்திகா முதல் தடவையாகச் சிரித்தாள். "அந்தக் கிடங்குக்கு உங்க விடை சரி. என் கிடங்கு பிஸ்கட் கிடங்கு."

வேல்விழி ஒரே ஒரு குறியை மாற்றினாள். இப்போது ஏன் மாற்றுகிறாள் என்பது தெரியும்: கிளம்பும் நேரமும் வரும் நேரமும் ஒன்றானால் கிளம்பும் வண்டி உள்ளே இல்லை. விடை இரண்டு வந்தது.

மீதி பதினெட்டு நிமிஷம். இனி வேகம். வண்டிகளை வரும் நேரப்படி வரிசைப்படுத்தினாள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் எந்த மேடை காலியாகிறது, அதிலிருந்து எந்த வண்டி போனது, அது எத்தனாவது வண்டி என்று குறிக்கப் போனாள். மேடைக்கு ஒரு பட்டியல், வண்டிக்கு ஒரு பட்டியல், எந்த வண்டி எந்த மேடை என்பதற்கு மூன்றாவது பட்டியல். அச்சகத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகைகள் ஒரே ஃபைலில் கலந்துபோனது போல ஆயிற்று. நிமிஷங்கள் போயின. வியர்வை கோட்டு வழியே இறங்கியது. கழற்றிப் போட்டாள், நாலு கிளிப்பும் நாற்காலியில் தெறித்தன.

"நான் எங்க மாட்டியிருக்கேன்னு சொல்லிடறேன் மேடம்," என்றாள். "வண்டி வர்றது வரிசையா இருக்கு. ஆனா எந்த வண்டி எப்ப எந்த மேடையிலருந்து போகுதுன்னு தேடத் தேட மறுபடி எல்லாத்தையும் பாக்க வேண்டியிருக்கு."

"ஒண்ணு கேக்கறேன். போற லாரி எந்த லாரின்னு உங்களுக்குத் தெரியணுமா?"

ஹின்ட் வந்துவிட்டது. நாக்கு நுனியில், மூன்று மாதப் பயிற்சியில், அந்த வாக்கியம் தயாராக நின்றது: அதத்தான் மேடம் நானும் சொல்ல வந்தேன். சொல்லியிருப்பாள். ஆனால் அடுத்து என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டால் காலிக் கைதான்.

"கொஞ்சம் இருங்க மேடம், நீங்க சொல்றத நான் சரியாப் புரிஞ்சுக்கிறேனான்னு பாத்துக்கிறேன்." மெதுவாகச் சொன்னாள், தனக்கே சொல்வதுபோல. "கேட்டது எண்ணிக்கை மட்டும்தான். யாரோ ஒருத்தர் போனா ஒரு மேடை காலி. அது எந்த வண்டிங்கிறது விடையில இல்ல. அப்ப... வர்ற நேரம் தனி, போற நேரம் தனி. ஜோடியாவே வச்சிருக்க வேண்டாமா?"

பிரீத்திகா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "செஞ்சு பாருங்க."

வேல்விழி முதலில் கோடு தட்டவில்லை, தாளில் எழுதினாள். வருவது ஒன்பது, பத்து, பதினொன்று. போவது பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. இரண்டு வரிசையிலும் முதல் ஆளைப் பார். ஒன்பது, பதினொன்றுக்கு முன்னால். ஒரு வண்டி உள்ளே. பத்தும் முன்னால், இரண்டு. பதினொன்றும் பதினொன்றும் சமம். போகிறவருக்கு முதல் வழி, ஒன்று. இப்போது பதினொன்று, பன்னிரண்டுக்கு முன்னால், இரண்டு. பெரியது இரண்டு. அச்சங்குளம் கேட்டில் உட்கார்ந்து, வண்டி உள்ளே வந்தால் ஒரு கோடு கிழித்து, வெளியே போனால் ஒரு கோட்டை அடித்ததுதான் இது. டிரைவர் பெயர் எதற்கு?

"வருது மேடம்," என்றாள், சத்தமில்லாமல்.

எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு இடத்தில் சமக் குறி தவறியது. பதினோரு மணி லாரியை வைத்தே அதைப் பிடித்தாள். பட்டியல் வெறுமையாக இருந்தால் பூஜ்யம் என்று தானாகவே சேர்த்தாள். இரண்டு வரிசைகளையும் அடுக்குவதற்கு ஆகும் நேரம்தான் பெரிது, அதற்குப் பிறகு ஒரே நடைதான் என்று விளக்கினாள்.

"கடைசியா," என்றாள் பிரீத்திகா. "உங்க ஊர்க் கிடங்கு. கூட்டித் தெளிக்கக் கால் மணி நேரம். என்ன மாத்துவீங்க?"

கேட்கும்போதே கால் நின்றுவிட்டதை வேல்விழி உணரவில்லை. "கால் மணி நேரம் எல்லா மேடைக்கும் ஒண்ணுதானா மேடம்?"

"ஒண்ணுதான்."

"அப்ப போற நேரம் எல்லாத்துலயும் கால் மணி கூட்டிட்டா போதும். மத்த கோடத் தொட வேண்டாம். அதே லிஸ்டுக்கு விடை மூணாயிரும்."

"உங்களுக்கு என்கிட்ட வேற கேள்வி இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா இன்னைக்குக் கேட்டது போதும்."

மெயில் நாலரை மணிக்கு வந்தது. அதுவரை அவள் எட்டுத் தடவை மெயிலைத் திறந்தாள், இரண்டு தடவை நெட் போய்விட்டதா என்று பார்த்தாள், ஒரு தடவை அச்சகத்துக்குப் போன் செய்து இன்றைக்கு வர நேரமாகும் என்றாள். மெயிலில் நாலே வரி. கோடிங் சுற்றில் தேறிவிட்டாள். சம்பளம், சேரும் தேதி பற்றிப் பேச வியாழக்கிழமை அழைப்பார்கள். நான்காவது வரியில், அந்த அழைப்பின்போது அறையில் அவள் மட்டும் இருக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. வேன் வெளியே வந்த பிறகுதான் எடுப்பாள். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை போடும்போது டீன் அறையிலிருந்து ஆள் வந்தது.

டீனுக்குச் செய்தி முன்பே போயிருந்தது. காலையில் நடந்ததன் சுவடே முகத்தில் இல்லை.

"நான் இருந்த தைரியத்துலதான நீ அப்படிப் பேசின," என்றார். "சரி, விடு. ஜூனியர்சுக்குப் பயன்படணும். என்ன கணக்கு வந்துச்சு, சொல்லு. குறிச்சுக்கிறேன். முந்நூத்தியோராவது."

"லாரி கணக்கு சார். ஆனா கணக்கை விட, அவுககிட்ட முதல்ல என்னென்ன கேக்கணும்னு..."

"கேள்வியெல்லாம் வேண்டாம்மா. விடைய மட்டும் சொல்லு."

வேல்விழி அவரைப் பார்த்தாள். பேனா தயாராக இருந்தது.

"விடை ரெண்டு சார்."

எழுதினார்.

"அச்சங்குளத்துல மூணு."

பேனா நின்றது. டீனின் வாய் லேசாகத் திறந்தது. ஏன் என்று கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். சொல்லவேண்டும் என்றுதான் நின்றாள். ஆனால் கேள்வி கேட்பது அவர் வழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்துச் சற்று யோசித்தார். பிறகு குனிந்து, இரண்டை அடித்துவிட்டு, கொட்டை எழுத்தில் இரண்டரை என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.